சிங்கமும் குதிரையும் சொல்லாத ஊர்

"முதல்ல அந்த டியூப்லைட்டை அணைங்க" என்றார் சேகரிப்பாளர். அணைத்தேன். சின்ன டார்ச் ஒன்றை எடுத்து, மேசையோடு மேசையாகப் படுக்கவைத்து, வெளிச்சத்தைப் பக்கவாட்டிலிருந்து அடித்தார். அதுவரை வெறும் நீலத் துணி அட்டையாகக் கிடந்த பாஸ்போர்ட்டின் மேல் ஒரு மிருகம் எழுந்து நின்றது! இன்னொன்றும் எழுந்தது. இடப்பக்கம் சிங்கம், வலப்பக்கம் நெற்றியில் ஒற்றைக் கொம்போடு சங்கிலி பூண்ட குதிரை, நடுவில் கேடயம், மேலே கிரீடம். தங்கப்பூச்சு தேய்ந்து பல வருடங்கள் ஆகியிருக்கும். ஆனால் அச்சு துணியில் பதித்த பள்ளம் அப்படியே இருக்கிறது. நான் கையைத் தட்டாத குறை.

பழைய பயண ஆவணங்களைச் சேர்ப்பவர்களின் அறைக்குள் நுழைந்தால் இதுதான் வேலை: எந்த நாடு இதைக் கொடுத்தது என்று கண்டுபிடிப்பது. அட்டையிலேயே எழுதியிருக்குமே என்பீர்கள். எழுதியிருக்க வேண்டும்தான். 1920இல் பாரிஸில் சர்வதேச சங்கம் கூட்டிய மாநாடு பாஸ்போர்ட்டுக்கு ஒரே மாதிரி வடிவத்தைப் பரிந்துரைத்தது. 32 பக்கம், அட்டையில் மேலே நாட்டின் பெயர், நடுவே சின்னம், கீழே 'பாஸ்போர்ட்' என்ற சொல், நாட்டு மொழியோடு பிரெஞ்சிலும் எழுத்து. நடைமுறையில் ஒவ்வொரு நாடும் இதைத் தன் வசதிக்கு வளைத்துக்கொண்டது. அதோடு வியர்வை, மழை, கரையான், சட்டைப் பை எல்லாம் சேர்ந்து எழுத்துகளை முதலில் தின்றுவிடும். சின்னம் பெரியது என்பதால் கடைசிவரை தாக்குப்பிடிக்கும்.

"ஆஹா, பிரிட்டன்!" என்று நான் துள்ளினேன். சார் சிரித்தார். "குடும்பத்தைக் கண்டுபிடிச்சிட்டீங்க. வீட்டைக் கண்டுபிடிங்க."

சிக்கல் அதுதான். சிங்கமும் குதிரையும் லண்டனில் கொடுத்த புத்தகத்தில் மட்டும் நிற்கவில்லை. இந்தியாவில் கொடுத்ததிலும், பினாங்கு, சிங்கப்பூர் அடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ் கொடுத்ததிலும் அவைதான் காவல். போதாக்குறைக்கு அந்தச் சின்னத்துக்குள் இருக்கும் இரண்டு பொன்மொழிகளும் பிரெஞ்சு மொழி! உள்ளே திறந்தால் ஆங்கிலத்துக்குக் கீழே மறுபடியும் பிரெஞ்சு. "இதைப் பார்த்துட்டு பிரான்ஸ் பாஸ்போர்ட்டுன்னு என்கிட்ட சத்தியம் பண்ணினவங்க உண்டு சார்" என்றார்.

சரி, வீட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? சொற்களை எண்ண வேண்டும், படிக்கவே வேண்டாம்! டார்ச் வெளிச்சத்தில் எழுத்து தெரியாவிட்டாலும் சொற்களுக்கு நடுவில் உள்ள இடைவெளி தெரியும். லண்டன் புத்தகத்தில் சின்னத்துக்கு மேலே இரண்டே சொல்: 'பிரிட்டிஷ் பாஸ்போர்ட்'. கீழே ஐக்கிய முடியரசின் நீட்டி முழக்கிய முழுப்பெயர். இந்தியப் புத்தகத்தில் மேலே மூன்று சொல்: 'பிரிட்டிஷ் இந்தியன் பாஸ்போர்ட்'. கீழே இரண்டு சொல்: 'இந்தியன் எம்பயர்'. நம் கையிலிருந்த அட்டையில் மேலே மூன்று தடயம். நான் நான்கு முறை எண்ணினேன், ஆசைக்காக.

உள்ளே திறந்ததும் யார் பெயரால் கேட்டுக்கொள்கிறார்கள் என்ற வரி. லண்டன் புத்தகம் மன்னரின் பெயரைச் சொல்லி வெளியுறவு அமைச்சர் கேட்பதாக இருக்கும். இதில் இந்திய வைஸ்ராயின் பெயரால், இவரைத் தடையின்றிப் போகவிடுங்கள் என்று இருந்தது. ஆக இந்தியாதான். ஆனால் அடுத்த பக்கத்தைத் திருப்பினால் கொடுத்த இடம்: ரங்கூன். வருடம் 1935.

"அப்போ இது பர்மா பாஸ்போர்ட்டா?" என்றேன், ஏமாற்றமாக.

அட, இல்லை! பர்மா 1937 ஏப்ரல் 1ஆம் தேதிதான் இந்தியாவிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டது. அதுவரை மதராஸ், பம்பாய் போல அதுவும் ஒரு மாகாணம். 1935இல் ரங்கூனில் கொடுத்தது சுத்தமான இந்தியப் புத்தகம். இதே ஊரில் 1938இல் கொடுத்திருந்தால் கதை வேறு. கொடுத்த ஊரைப் பார்த்து நாட்டை முடிவு செய்யாதே, தேதியைப் பக்கத்தில் வைத்துப் பார் என்பது இந்த அறையின் முதல் விதி.

புத்தகத்தின் சொந்தக்காரர் பெயரைச் சொல்ல மாட்டேன், அவர் குடும்பம் இன்றும் இருக்கலாம். பிறந்த ஊர் புதுக்கோட்டைச் சீமை, தொழில் வட்டிக்கடை ஏஜெண்ட். குடியுரிமை வரியில் 'பிரிட்டிஷ் குடிமகன்' என்று இல்லை. பிரிட்டிஷ் பாதுகாப்புக்கு உட்பட்டவர் என்று இருந்தது. எழுத்தர் கைதவறி எழுதியதல்ல. புதுக்கோட்டை அப்போது தொண்டைமான் மன்னர் ஆண்ட சமஸ்தானம். பிரிட்டிஷ் மண் அல்ல. எல்லையைத் தாண்டித் திருச்சி மாவட்டத்தில் பிறந்திருந்தால் அந்த வரியே மாறியிருக்கும். அந்த வரி லண்டனை இன்னும் கொஞ்சம் தள்ளிவிடுகிறது.

இனி முத்திரைகள். பூதக்கண்ணாடியைக் கொடுத்தார். கையுறை வேண்டாமா என்றேன். "கையைக் கழுவித் துடைச்சா போதும். உறை போட்டா தாள் கிழியறது தெரியாது." சரி.

முத்திரையில் இரண்டு சாதி. விசா என்பது போகும் முன்பே வேற்று நாட்டின் தூதரகம் கொடுப்பது: எண், கையெழுத்து, கட்டணம் கட்டியதற்கான ஒட்டுத் தலை, அதன் மேல் குத்திய முத்திரை என்று பக்கத்தையே அடைத்துக்கொண்டு உட்காரும். துறைமுக முத்திரை என்பது இறங்கிய இடத்தில் குத்துவது: சின்னது, ஊர்ப்பெயர், தேதி, அவ்வளவுதான். இதில் எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் ஒன்று உண்டு. எந்த நாடும் தன் குடிமகனுக்கு விசா கொடுக்காது. ஆகவே எந்த நாட்டின் விசா உள்ளே இருக்கிறதோ, அந்த நாடு இந்தப் புத்தகத்தைக் கொடுக்கவில்லை! கழித்துக்கொண்டே வரலாம்.

நம் ஏஜெண்டின் புத்தகத்தில் சிங்கப்பூரிலிருந்த பிரெஞ்சுத் தூதரகத்தின் விசா இருந்தது, சைகோனுக்கு. ஒட்டுத் தலையின் ஓரப் பற்கள்கூட முழுதாக! ஆக பிரான்ஸ் வெளியே. பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் துறைமுக முத்திரை மட்டும்தான், விசாவே இல்லை. அங்கேதான் அசந்துபோனேன். விசா இல்லாததே தடயம். அவை பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த இடங்கள். பேரரசுக்குள் போகிறவருக்கு விசா தேவைப்படவில்லை. 

கடைசியில் ஒரு குழப்படி முத்திரை: சைகோனிலிருந்த பிரிட்டிஷ் தூதரகம், 1940. விசா மாதிரியே பெரியது. அப்படியானால் விதிப்படி பிரிட்டனும் வெளியே என்று நான் கணக்குப் போட, சார் தலையை ஆட்டினார். வாசகத்தைப் படியுங்கள் என்றார். அது விசா அல்ல, புதுப்பித்தல். அன்றைய புத்தகம் ஐந்து வருடத்துக்குத்தான் செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் இந்தியருக்கு அந்த வேலையைப் பிரிட்டிஷ் தூதரகமே செய்துகொடுத்தது. 1935ஓடு ஐந்தைக் கூட்டினால் 1940. கச்சிதம்!

இரண்டாவது புத்தகத்தை எடுத்தபோது இனி எனக்கு எல்லாம் தெரியும் என்ற மிதப்பு. அட்டையில் அசோகர் தூணின் சிங்கங்கள். நான்கில் மூன்றுதான் தெரியும், நான்காவது எப்போதும் முதுகுப் பக்கம். 1950 ஜனவரி 26க்குப் பிந்தைய இந்தியக் குடியரசு, சந்தேகமே இல்லை. உள்ளே பார்த்தால் பிறந்த ஊர் ஹட்டன். கொடுத்த ஊர் கண்டி. முதல் முத்திரையே சிலோன். இந்தியாவின் ஊர்ப்பெயர் ஒன்றுகூட முதல் பக்கங்களில் இல்லை!

இலங்கையின் தேயிலைத் தோட்டங்களைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். 1964 அக்டோபர் 30ஆம் தேதி கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும் என்று பங்கு பிரித்தது. இந்தியாவைப் பார்த்தே இராதவர்களுக்கு கண்டியிலிருந்த இந்தியத் தூதர் அலுவலகம் இந்தியப் பாஸ்போர்ட் கொடுத்தது. புகைப்படத்தில் அம்மா, மடியில் பிள்ளை. பிள்ளைகளின் பெயர்கள் தனிப் பக்கத்தில். மொத்தப் புத்தகத்திலும் பயணம் ஒன்றே ஒன்று: தலைமன்னாரில் வெளியே, இராமேஸ்வரத்தில் உள்ளே. போகும் வழி மட்டும் உண்டு, திரும்பும் வழிக்கு முத்திரை இல்லை.

இந்தப் புத்தகத்தைத் தேதி வைத்துச் சரிபார்ப்பது எத்தனை சுகம் தெரியுமா? 1971 முத்திரையில் நாட்டின் பெயர் சிலோன். 1973இல் வெளியேறும் முத்திரையில் ஸ்ரீலங்கா. பெயர் மாறியது 1972 மே 22. பொருந்துகிறது. புகைப்படத்தின் மூலையில் குத்திய வட்ட முத்திரை பாதி படத்திலும் பாதி தாளிலும் விழுந்திருக்கிறது. வளைவு ஒடியாமல் தொடர்கிறது. ஒடிந்திருந்தால் யாரோ படத்தை மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். விரலை மெல்ல ஓட்டிப் பார்த்தால் மையில்லாத அழுத்து முத்திரை தட்டுப்படும். ஸ்கேன் படத்தில் இதெல்லாம் தெரியாது, அதனால்தான் சார் இணையத்தில் படத்தை மட்டும் பார்த்து எதையும் வாங்குவதில்லை.

அப்படி வாங்காமல் விட்ட ஒன்றின் படத்தைக் கைபேசியில் காட்டினார். விற்பவர் கேட்ட விலை கொள்ளை. அசோகச் சிங்கம் சுத்தம், கண்டி சுத்தம், சிலோன் என்ற பெயரும் வருடத்துக்குச் சரியாக இருந்தது. இந்தியாவில் இறங்கிய முத்திரை: தனுஷ்கோடி, 1966. நான் ஒரு நொடி விழித்தேன், பிறகு வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். 1964 டிசம்பர் புயலில் ரயிலோடும் துறையோடும் சேர்ந்து கடல் கொண்டுபோன ஊர் அது. அதற்குப் பிறகு கப்பல் வந்தது இராமேஸ்வரத்துக்கு. இரண்டு வருடம் கழித்து தனுஷ்கோடியில் உட்கார்ந்து முத்திரை குத்திய அதிகாரி யார் என்று விற்பவரிடம் கேட்டீர்களா என்றேன்.

"கேட்டேனே" என்றார். "உடனே விலையைப் பாதியாக்கிட்டார்."