டேப்பைத் திருப்பிப் பிடியுங்கள்

செவிலியர் கல்லூரிகளின் பயிற்சிக் கூடத்தில், வயிற்றுக்குள் குழந்தைப் பொம்மையை வைத்து மாற்றிப் போடக்கூடிய கர்ப்பிணி பொம்மை ஒன்று இருக்கும். கர்ப்பிணியின் வயிற்றைத் தொட்டுப் பார்க்கவும் டேப்பால் அளக்கவும் மாணவிகள் முதலில் அதில்தான் பழகுகிறார்கள். ஆனால் பொம்மைக்குச் சிறுநீர்ப்பை கிடையாது. நிஜத்தில் அது நிறைந்திருந்தால் கர்ப்பப்பை மேலே தள்ளப்பட்டு, அளவு சில சென்டிமீட்டர் கூடிவிடும். அதனால் முதலில் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்ல வேண்டும்.

தாயை மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலைச் சற்று மடக்கச் சொன்னால் வயிற்றுத் தசை தளரும். பார்ப்பவர் கை வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். சில்லென்று பட்டால் வயிறு இறுகிவிடும். விரல் நுனியால் குத்தாமல் உள்ளங்கையை வைத்துத் தடவ வேண்டும். மேலே மெத்தென்று அகலமாகத் தட்டுப்படுவது பெரும்பாலும் குழந்தையின் பிட்டம். கெட்டியாக, உருண்டையாக, தனியே அசைந்து கொடுப்பது தலை. பக்கவாட்டில் ஒருபுறம் வழவழவென்று நீளமாக இருப்பது முதுகு. மறுபுறம் மேடு பள்ளமாக இருப்பவை கை கால்கள். கடைசியாக, அடிவயிற்றில் இருப்பது தலையா என்று பார்க்க வேண்டும்.

அளக்கும்போது காலை நீட்டச் சொல்லலாம். இடது கையின் சுண்டுவிரல் பக்கத்தை மார்பெலும்பின் கீழிருந்து மெல்ல இறக்கிக்கொண்டே வந்தால், கர்ப்பப்பையின் உச்சி தடுக்கும். டேப்பின் நுனியை அங்கே வைத்து, அடிவயிற்றின் முன்னெலும்பு மேல்விளிம்பு வரை பிடிக்க வேண்டும். எண்கள் இருக்கும் பக்கம் வயிற்றை நோக்கி இருக்கட்டும். 30 வாரம் என்று தெரிந்த கண், எண்ணைப் பார்த்தால் கையை 30-க்கே இழுத்துப் போய்விடும். பிடித்து முடித்த பிறகே திருப்பிப் படிக்க வேண்டும்.

24 முதல் 36 வாரம் வரை சென்டிமீட்டரும் வாரமும் ஏறக்குறைய ஒன்றாக வரும். இரண்டு கூடக் குறைய இருக்கலாம். ஒரு தாய்க்கு 28-ஆம் வாரம் 26 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதில் கவலை இல்லை. 32-ஆம் வாரம் 27 என்றால்? முதலில் கடைசி மாதவிடாய்த் தேதியையும் முதல் ஸ்கேனையும் ஒப்பிட வேண்டும். நாள் கணக்கு சரியென்றால் குழந்தை குறுக்கே கிடக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். குறுக்கே கிடந்தாலும் உயரம் குறையும். அதுவும் இல்லையென்றால், நான்கு வாரத்தில் ஒரே ஒரு சென்டிமீட்டர்தான் ஏறியிருக்கிறது என்பதுதான் செய்தி. வளர்ச்சி குறைந்திருக்கலாம், பனிக்குட நீர் குறைந்திருக்கலாம். டேப்பால் அதைப் பிரித்துச் சொல்ல முடியாது. ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும்.

இரட்டைக் குழந்தை, கர்ப்பப்பைக் கட்டி, மிகுந்த உடல் பருமன் உள்ளவர்களிடம் இந்த அளவை நம்பக் கூடாது. மற்றவர்களுக்கு முடிந்தவரை ஒரே ஆள் ஒவ்வொரு முறையும் அளப்பது நல்லது. பரிசோதனைக்குப் போகும்போது பழைய அட்டையை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். போன மாத அளவு அதில்தான் இருக்கிறது.