புள்ளியே வாங்காத ஆறாவது பையன்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் செப்டம்பர் பிறந்தால் கிராஸ் கன்ட்ரி ஓட்டத்தின் பருவம். புல்வெளி, மேடு, மரங்களுக்கு நடுவே மண் பாதை என்று பெரும்பாலும் 5 கிலோமீட்டர் ஓட வேண்டும். வந்திருக்கும் பெற்றோர் முதலில் வரும் பையனுக்குக் கை தட்டுவார்கள். பயிற்சியாளர்களோ அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பின்னால் மூச்சிரைக்க வரும் கும்பலை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பார்கள். ஜெயிப்பதும் தோற்பதும் அங்கேதான்.

அணிக்கு ஏழு பேர். அவர்களில் முதலில் வரும் ஐந்து பேருடைய இடங்களைக் கூட்டினால் அணியின் புள்ளி. குறைந்த புள்ளி எடுத்த அணிக்கு வெற்றி. முதல் ஐந்து இடங்களையும் ஒரே அணி பிடித்துவிட்டால் 1, 2, 3, 4, 5 கூட்டி 15. அதற்குக் கீழே போக வழியில்லை. எத்தனை நிமிடத்தில் வந்தான் என்பது கணக்கில் கிடையாது. ஒரு நிமிடம் முந்தி வந்தாலும், மூக்கு நுனியில் முந்தி வந்தாலும் முதலாமவனுக்கு ஒரு புள்ளிதான். ஐந்து பேர் ஓடி முடிக்காத அணிக்கு அணிப் புள்ளியே இல்லை. அப்படிப்பட்ட அணியின் பையன்களை வரிசையிலிருந்து எடுத்துவிட்டு, மற்றவர்களுக்கு இடத்தை மறுபடி எண்ணிப் போட்ட பிறகுதான் கூட்டல்.

அப்படியானால் ஆறாவது, ஏழாவது பையன்கள் எதற்கு? அவர்களுடைய இடம் சொந்த அணியின் கூட்டலில் சேராது. ஆனால் வரிசையில் அவர்கள் பிடித்த இடம் அவர்களுடையதுதான். எதிரணியின் ஐந்தாவது பையனுக்கு முன்னால் நம் ஆறாவது பையன் வந்துவிட்டால், அந்த ஐந்தாமவன் ஓர் இடம் பின்னுக்குப் போகிறான். எதிரணிக்கு ஒரு புள்ளி ஏறுகிறது.

இரண்டு பள்ளிகள் மட்டும் மோதும் ஒரு போட்டியை எடுத்துக்கொள்வோம். நீல அணி 2, 5, 6, 7, 8 ஆகிய இடங்களில் வருகிறது. கூட்டினால் 28. சிவப்பு அணி 1, 3, 4, 9 என்று அருமையாக ஓடியிருக்கிறது. பத்தாவது இடத்துக்கு நீலத்தின் ஆறாவது பையனும் சிவப்பின் ஐந்தாவது பையனும் தோளோடு தோள் உரச வருகிறார்கள். சிவப்பு முந்தினால் அதன் கூட்டல் 27, சிவப்புக்கு வெற்றி. நீலம் முந்தினால் சிவப்புப் பையனுக்குப் பதினொன்றாம் இடம், சிவப்பின் கூட்டலும் 28. சமன்!

சமன் வந்தால் பள்ளி விதி ஆறாவது பையன்களை ஒப்பிடச் சொல்கிறது. யாருடைய ஆறாமவன் முன்னால் வந்தானோ அந்த அணிக்கு வெற்றி. ஒரு அணிக்கு ஆறாவது ஆளே இல்லையென்றால், இருக்கிற அணி ஜெயிக்கும். நம் போட்டியில் நீலத்தின் ஆறாமவன் சிவப்பின் ஐந்தாமவனையே முந்திவிட்டான். சிவப்பின் ஆறாமவன் அதற்கும் பின்னால்தானே வந்திருக்க முடியும்? ஆக ஒரு புள்ளியில் தோற்கவிருந்த அணியைச் சமனுக்குக் கொண்டுவந்தவனும், அந்தச் சமனை உடைத்தவனும் ஒரே பையன்.

இது இந்த ஒரு போட்டியில் மட்டும் நடந்த அதிசயம் இல்லை. இரண்டு அணிகளிலும் ஆளுக்கு ஐந்து பேர் மட்டும் முதல் பத்து இடங்களைப் பிடித்தால் எல்லாப் புள்ளிகளும் சேர்ந்து 55. அது ஒற்றைப்படை, இரண்டாகப் பிரியாது, சமன் வரவே வராது. ஆகவே இருவர் மோதலில் சமன் வந்தாலே, யாரோ ஒருவருடைய ஆறாமவன் எதிரணியை நெருக்கித் தள்ளியிருக்கிறான் என்று அர்த்தம். கடைசியில் ஜெயிப்பதும் அவனுடைய அணிதான். மூன்றாவது அணி ஒன்று புகுந்துவிட்டால் இந்த உறுதி போய்விடும். இடையில் புகும் வேற்று அணிப் பையன்கள் எல்லார் கூட்டலையும் கலைத்துவிடுவார்கள்.

பயிற்சியாளர்கள் ஆறாமவனை வீட்டில் விட்டுவிட்டு வராததற்கு இதுவே போதுமான காரணம். ஐவரில் ஒருவனுக்குக் கால் பிசகிவிட்டால் அவனுடைய இடம்தான் கூட்டலில் ஏறும் என்பது இன்னொரு காரணம்.

அமெரிக்கக் கல்லூரிகள் இந்த விதியை ஏற்கவில்லை. அங்கே சமன் வந்தால் முதலாமவனை முதலாமவனோடு, இரண்டாமவனை இரண்டாமவனோடு என்று ஐந்து ஜோடிகளையும் ஒப்பிட்டு, அதிக ஜோடிகளில் முந்திய அணிக்கு வெற்றி தருகிறார்கள். 2022இல் தேசியக் கல்லூரிப் போட்டியின் ஆண்கள் பிரிவு, ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சொந்த ஊரான ஸ்டில்வாட்டரில் நடந்தது. அந்தப் பல்கலைக்கழகமும் வடக்கு அரிசோனா பல்கலைக்கழகமும் ஆளுக்கு 83 புள்ளிகள். ஜோடி ஒப்பீட்டில் கோப்பை வடக்கு அரிசோனாவுக்குப் போனது.

அதே முறையை நம் நீலத்துக்கும் சிவப்புக்கும் வைத்துப் பாருங்கள். 1 இரண்டை முந்துகிறது, 3 ஐந்தை, 4 ஆறை. முதல் மூன்று ஜோடிகளும் சிவப்பின் பக்கம். நீலத்துக்குக் கடைசி இரண்டுதான். ஓட்டம் அதே, வரிசை அதே, புள்ளிகளும் அதே 28. கல்லூரி விதிப்படி கோப்பை சிவப்புக்கு.