பாடநூல் பக்கத்திலிருந்து காலக்கோடு: வேலூர்ப் புரட்சியை முன்வைத்து

வரலாற்றுப் பாடத்தைச் சுருக்கி எழுதச் சொன்னால், மாணவர்கள் பெரும்பாலும் ஆண்டு உள்ள வரிகளை மட்டும் எடுத்து எழுதுகிறார்கள். காரணங்களைச் சொல்லும் வரிகளில் பல நேரங்களில் ஆண்டு இருப்பதில்லை. ஆகவே காரணங்கள் விடுபட்டுப் போகின்றன. இதைச் சரிசெய்ய நான் வகுப்பில் பின்பற்றும் முறையை, 1806ஆம் ஆண்டு வேலூர்ப் புரட்சியைப் பற்றிய ஒரு பக்கத்தைக் கொண்டு விளக்குகிறேன்.

முதலில் பக்கத்தைச் செல்பேசியில் படமெடுத்து, அச்சிட்டு, குழுவுக்கு ஒன்றாகக் கொடுக்கிறேன். புத்தகத்தில் கிறுக்காமல், அடிக்கோடிட்டு எண்ணிட இந்த நகல் உதவும். புத்தகத்தை நன்றாக விரித்து, நேர் மேலிருந்து எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் தையல் பக்கமுள்ள எழுத்துகள் வளைந்து மங்கிவிடும். மங்கிய படத்தில் 6, 8, 0 ஆகிய இலக்கங்கள் ஒன்றுபோலத் தெரியும். எனவே நகலில் உள்ள ஒவ்வோர் ஆண்டையும் ஒரு மாணவர் புத்தகத்தோடு ஒப்பிட்டு வட்டமிடுகிறார்.

அடுத்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எண் இட்டு, அருகே ஓர் எழுத்தை எழுதச் சொல்கிறேன். ஒரு நாளில் அல்லது ஓர் ஆண்டில் நடந்தது என்றால் 'நி' (நிகழ்ச்சி). நீண்ட காலம் நிலவியது என்றால் 'சூ' (சூழல்). கருத்துரை என்றால் எழுத்து வேண்டாம். அது காலக்கோட்டுக்கு வராது. சிப்பாய்களின் குறைந்த ஊதியம், பதவி உயர்வின்மை ஆகியவை 'சூ'. இவற்றுக்கு ஆண்டு தேடி அலையாமல், கோட்டுக்கு மேலே ஒரு நீண்ட பட்டையாக வரைகிறோம்.

நான் எடுத்துக்கொண்ட பக்கம் ஜூலை 10 தாக்குதலில் தொடங்கி, பிறகு பின்னோக்கிப் போகிறது. பக்கத்தின் வரிசையும் காலத்தின் வரிசையும் வேறு என்பது இங்கே மாணவர்களுக்குப் புரிந்துவிடும். 'அடுத்த ஆண்டு', 'அதே நாள்' போன்ற சொற்களுக்கு முந்தைய வரியைப் பார்த்து உரிய ஆண்டை எழுதிவிட வேண்டும். வரிசைப்படுத்தியபின் கிடைத்தது இது:

1799 மே 4: ஸ்ரீரங்கப்பட்டினம் வீழ்ந்தது, திப்பு சுல்தான் இறந்தார். பின்னர் அவர் குடும்பத்தினர் வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டனர்.
1805 நவம்பர்: சமயக் குறிகளுக்கும் தாடிக்கும் தடை, புதிய தலைப்பாகை ஆகியவை அடங்கிய படை விதிகள்.
1806 மே: தலைப்பாகையை அணிய மறுத்த சிப்பாய்களுக்குக் கசையடி.
1806 ஜூலை 10: வேலூர்க் கோட்டையில் எழுச்சி. திப்புவின் மகன் பத்தே ஹைதர் ஆட்சியாளராக அறிவிக்கப்பட்டார். ஆற்காட்டிலிருந்து வந்த கில்லஸ்பியின் படை அதே நாளில் எழுச்சியை அடக்கியது.
பின்னர்: தலைப்பாகை விதி திரும்பப் பெறப்பட்டது. திப்புவின் குடும்பத்தினர் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர்.
1807: ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் தளபதி ஜான் கிராடக்கும் திரும்ப அழைக்கப்பட்டனர்.

இந்த வரிசையே ஆண்டுகளைச் சரிபார்க்கவும் உதவுகிறது. ஒரு குழு 1806ஐ 1808 என்று படித்திருந்தால், எழுச்சிக்கு முன்பே ஆளுநர் அழைக்கப்பட்டதாக வரும். அப்போது நகலைவிட்டுப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும்.

கடைசி வேலை அம்புக்குறி. 'இதனால்', 'விளைவாக', 'எனவே' போன்ற சொல் பக்கத்தில் இருந்தால் முழுக்கோட்டு அம்பு. நாமாக ஊகித்தால் புள்ளிக்கோட்டு அம்பு. மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம் 1806 மே. அதைக் காரணப் பட்டியலில் சேர்ப்பதா, விளைவுப் பட்டியலில் சேர்ப்பதா என்று கேட்பார்கள். 1805 விதிகளுக்கு அது விளைவு. ஜூலை எழுச்சிக்கு அது ஒரு காரணம். ஆகவே அதற்குள் ஓர் அம்பு வருகிறது, அதிலிருந்து ஓர் அம்பு போகிறது. இரண்டு பத்திகள் கொண்ட அட்டவணையில் இதைக் காட்ட முடியாது; காலக்கோட்டில் காட்டலாம்.

இன்னொரு தடுமாற்றம் 1799. அதிலிருந்து நேராக ஜூலை 10க்கு அம்பு போடும் குழுவிடம், "விதிகள் வராமல் இருந்திருந்தால், குடும்பம் கோட்டையில் இருந்ததால் மட்டுமே எழுச்சி நடந்திருக்கும் என்று இந்தப் பக்கம் சொல்கிறதா?" என்று கேட்கிறேன். சொல்லவில்லை. கோட்டையில் அவர்கள் இருந்தது எழுச்சிக்கு ஒரு தலைவரைக் கொடுத்தது. எனவே அந்த அம்பு, பத்தே ஹைதர் அறிவிக்கப்பட்ட வரியில் போய் முடிகிறது.

சில குழுக்கள் கோட்டை 1857 வரை நீட்டி, அங்கும் ஓர் அம்பைப் போடும். இரண்டிலும் சிப்பாய்களின் சமய உணர்வு புண்பட்டது என்பது ஒற்றுமை. ஆனால் ஒற்றுமை விளைவு ஆகாது. 1857ஐக் கோட்டில் குறிக்கலாம். பக்கம் தொடர்பைச் சொல்லாதவரை அம்பு வேண்டாம்.