ஜெராக்ஸ் எடுத்தால் காணாமல் போகும் மெட்ரோ பாதை! - வரைபடத்தில் நிறத்தை மட்டும் நம்பலாமா?

பெருங்குடியில் மெட்ரோ தூண்கள் எழுந்து நிற்கின்றன. மாதவரத்திலிருந்து மயிலாப்பூர், அடையாறு, பெருங்குடி வழியாக சிறுசேரி சிப்காட் வரை செல்லும் 3-ம் வழித்தடம் இது. வரைபடத்தில் இதன் நிறம் ஊதா. ஏற்கெனவே ஓடும் இரண்டும் நீலம், பச்சை. இரண்டாம் கட்டத்தின் மற்ற இரண்டும் ஆரஞ்சு, சிவப்பு. ஆக மொத்தம் ஐந்து நிறங்கள்.

கலரில் பார்க்க அழகுதான். அதே வரைபடத்தை அபார்ட்மென்ட் நோட்டீஸ் போர்டில் ஒட்ட, கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்தால் என்ன ஆகும்?

சிவப்பும் பச்சையும் ஒன்றே!

கறுப்பு வெள்ளைக்கு மாற்றும்போது கம்ப்யூட்டர் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சாம்பல் அளவைத் தருகிறது. 0 என்றால் முழுக் கறுப்பு, 255 என்றால் முழு வெள்ளை. நம் கண்ணுக்குப் பச்சைதான் அதிக வெளிச்சமாகத் தெரியும், நீலம் மிகக் குறைவு. அதனால் பரவலாகப் பயன்படும் கணக்கு இப்படி இருக்கிறது:

```
0.299 R + 0.587 G + 0.114 B
```

கம்ப்யூட்டரின் வழக்கமான நிறங்களை இதில் போட்டுப் பாருங்கள். சிவப்புக்கு 76 வருகிறது, அடர் பச்சைக்கு 75. இரண்டும் ஒரே சாம்பல்! நீலம் 29, ஊதா 53. ஜெராக்ஸில் இரண்டுமே கறுப்புக் கோடுகளாகத்தான் தெரியும். ஆரஞ்சு மட்டும் 173 என்பதால் வெளிறித் தனியாக நிற்கும்.

இதில் சிக்கலான இடம் ஆலந்தூர். நீலமும் பச்சையும் இப்போதே அங்கே சந்திக்கின்றன. சிவப்பு நிற 5-ம் வழித்தடமும் அங்கேதான் வந்து சேரப்போகிறது. எந்தக் கோடு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று ஜெராக்ஸ் பிரதியைப் பார்த்துச் சொல்வது கஷ்டம்.

சிலருக்குக் கலரிலும் இதே கதிதான்

நிறக்குருடு உள்ளவர்களில் பெரும்பாலானோருக்குச் சிவப்பு, பச்சை இரண்டையும் பிரித்தறிவதில்தான் சிரமம். இதற்குக் காரணமான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண்களுக்கு ஒரே ஒரு எக்ஸ் என்பதால் அவர்களிடம் இது அதிகம். இவர்களுக்குச் சிவப்பும் பச்சையும் பழுப்பு கலந்த சாயலாகத் தெரியலாம். ஊதாவில் கலந்துள்ள சிவப்பு சரியாகத் தெரியாததால், அது நீலம் போலவே இருக்கும்.

இதற்காகவே ஜப்பானைச் சேர்ந்த ஓகாபே, இட்டோ என்ற இரு விஞ்ஞானிகள் எட்டு நிறங்கள் கொண்ட ஒரு தொகுப்பை உருவாக்கினார்கள். உலகம் முழுக்க ஆய்வுக் கட்டுரைகளில் இது பயன்படுகிறது. ஆரஞ்சு `#E69F00`, வான்நீலம் `#56B4E9`, நீலம் `#0072B2` ஆகியவை அதில் சில. இந்த நிறங்கள் நிறக்குருடு உள்ளவர்களுக்கும் வேறுவேறாகத் தெரியும்.

ஆனால், இங்கே ஒரு பொறி இருக்கிறது. அதே கணக்கின்படி அந்த ஆரஞ்சின் சாம்பல் அளவு 162, வான்நீலம் 158. கலரில் பளிச்சென்று வேறுபடும் இந்த ஜோடி, ஜெராக்ஸில் ஒன்றாகிவிடும். நிறக்குருடுக்கு ஏற்ற நிறம் என்பதாலேயே அது கறுப்பு வெள்ளைக்கும் ஏற்றதாகிவிடாது.

கோட்டையே மாற்றுங்கள்

லண்டன் மெட்ரோவில் இதற்கென்றே கறுப்பு வெள்ளை வரைபடம் உண்டு. அதில் ஒவ்வொரு பாதைக்கும் தனிக் கோட்டு வடிவம். நம் ஐந்து பாதைகளையும் அப்படி வரையலாம். நீலத்துக்குத் தடித்த முழுக் கோடு. பச்சைக்கு நடுவில் வெள்ளை விட்ட இரட்டைக் கோடு. ஊதாவுக்கு நீண்ட துண்டுக் கோடு. சிவப்புக்குப் புள்ளிக் கோடு. ஆரஞ்சுக்குத் துண்டும் புள்ளியும் மாறி மாறி வரும் கோடு.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, துண்டுக் கோடு என்றாலே 'வேலை நடக்கிறது' என்று அர்த்தம் கொள்வது பலருக்கும் பழக்கம். எனவே அந்தத் தகவலை ஸ்டேஷன் வட்டத்துக்கு மாற்றிவிடலாம். ரயில் ஓடும் இடத்தில் நிரப்பிய வட்டம், வேலை நடக்கும் இடத்தில் காலி வட்டம்.

இரண்டாவது, துண்டின் நீளம். இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே அந்த வடிவம் இரண்டு மூன்று முறையாவது திரும்ப வர வேண்டும். பெருங்குடியையும் அடுத்த ஸ்டேஷனையும் நெருக்கமாக வரைந்து, நடுவே ஒரே ஒரு துண்டு மட்டும் விழுந்தால், அது முழுக் கோடு போலவே தெரியும்.

எல்லாவற்றையும்விட எளிய வழி, கோட்டின் மேலேயே '3', '5' என்று எண்ணை எழுதிவிடுவது. ஓரத்தில் நிறப் பெட்டிகள் போட்டு விளக்கம் கொடுத்தால், அந்த நிறம் தெரியாதவருக்கு விளக்கமும் புரியாது.

மொபைலிலேயே சோதிக்கலாம்

பிரின்ட் கொடுக்கும் முன், மொபைலின் `Settings` பகுதியில் `Accessibility` சென்று, திரையைக் கறுப்பு வெள்ளையாக்கும் வசதியை ஆன் செய்யுங்கள். பிறகு, வரைபடத்தை முன்பின் பார்த்திராத ஒருவரிடம் கொடுத்து, பெருங்குடியிலிருந்து ஆலந்தூருக்கு விரலால் பாதையைத் தொடரச் சொல்லுங்கள். ஊதாவில் சோழிங்கநல்லூர் வரை போய், சிவப்புக்கு மாறி ஆலந்தூர் வர வேண்டும். விரல் தயங்கி நிற்கும் இடத்தில்தான் கோட்டைத் திருத்த வேண்டும்.