வெளியே நின்று பார்த்தால்தான் தெரியும்

2016-ஆம் ஆண்டு அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் ட்விட்டர் உள்ளிட்ட பல பெரிய தளங்கள் மணிக்கணக்கில் தடுமாறின. டைன் நிறுவனத்தின் சர்வர்களை மூழ்கடித்த அந்தத் தாக்குதலில் பெரும்பங்கு வகித்தவை வீடுகளிலும் கடைகளிலும் கிடந்த கேமராக்கள், டிவிஆர்கள், ரவுட்டர்கள். இணையத்தை நோக்கித் திறந்திருந்த 23, 2323 ஆகிய போர்ட்டுகளைத் தேடிப் பிடித்து, கம்பெனி போட்டுத் தந்த பாஸ்வேர்டுகளையே முயன்று உள்ளே புகுந்தது மிராய் என்ற நிரல்.

அந்தப் போர்ட்டுகள் திறந்திருப்பது உரிமையாளர்களுக்கு எப்படித் தெரியாமல் போகிறது? ஒரு கடையில் சிசிடிவி மாட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ரவுட்டரில் யாரும் எந்தப் போர்ட்டையும் திறக்கவில்லை. ஆனால் அதில் UPnP என்ற வசதி இயங்கினால், டிவிஆரே ரவுட்டரிடம் கேட்டுத் தனக்கு வழி திறந்துகொள்ள முடியும். கடைக்காரரின் அனுமதியை யாரும் கேட்பதில்லை.

இதைக் கடையின் வைஃபையில் இருந்துகொண்டு சோதிப்பதில் பயனில்லை. உள்ளிருந்து வரும் இணைப்பை ரவுட்டர் வேறு விதமாக நடத்தும். தன் நிர்வாகப் பக்கத்தையேகூடத் திறந்து காட்டும். எனவே லேப்டாப்பை மொபைல் ஹாட்ஸ்பாட்டுக்கு மாற்றிவிட்டு, கடையின் பொது முகவரியை 1997 முதல் புழக்கத்தில் இருக்கும் என்மேப் கொண்டு பார்க்க வேண்டும்:

```
nmap -Pn -sT -p 23,80,443,554,8000,37777 203.0.113.25
```

கடைசியில் உள்ளது மாதிரி முகவரி. அங்கே சொந்த முகவரியைத்தான் தர வேண்டும், பிறருடையதை அல்ல. பல ரவுட்டர்கள் பிங்குக்குப் பதில் தருவதில்லை என்பதால் `-Pn` தேவை. 65,535 போர்ட்டுகளையும் பார்க்க `-p-` போதும், ஆனால் நேரம் பிடிக்கும்.

விடையில் `open` என்றால் அங்கே ஏதோ ஒரு நிரல் பதில் சொல்கிறது. `closed` என்றால் பதில் வந்தது, கேட்பதற்கு நிரல் இல்லை. `filtered` என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பதிலே வரவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். தடுத்தது ரவுட்டராகவும் இருக்கலாம், மொபைல் நிறுவனமாகவும் இருக்கலாம். சந்தேகமிருந்தால் வேறொரு இணைப்பிலிருந்து மறுபடி பார்ப்பதே வழி.

தொடங்குமுன் ரவுட்டர் பக்கத்தில் WAN IP-யையும் பார்த்துவிட வேண்டும். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்கிறார்கள் என்று கொள்ளலாம். அப்போது சோதனை போய் முட்டுவது இணைய நிறுவனத்தின் கருவியில். கடையைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

நம் கடையில் 37777 `open` என்று வருகிறது. டிவிஆரின் போர்ட் அது. UPnP-யை டிவிஆரிலும் ரவுட்டரிலும் அணைத்து, பழைய திறப்புகள் தங்கிவிடாதபடி ரவுட்டரை ரீஸ்டார்ட் செய்து, அதே கட்டளையை மறுபடி ஓட்ட வேண்டும். இணைப்பில் ஐபிவி6 இருந்தால் வேலை இன்னும் முடியவில்லை: டிவிஆருக்கே தனிப் பொது முகவரி கிடைத்திருக்கக்கூடும். ஐபிவி6 உள்ள வேறொரு இணைப்பிலிருந்து, அந்த முகவரியை `-6` சேர்த்துத் தனியே சோதிக்க வேண்டும்.