விழக் கற்றபின் தாண்டலாம்

பல பள்ளி மைதானங்களில் உயரம் தாண்டுதல் என்றால் இரண்டு ஸ்டாண்டுகள், குறுக்கே ஒரு கம்பு, அதற்குப் பின்னால் ஒரு மணல் குழி. அங்கே பயிற்சி செய்யும் பிள்ளைகள் ஒலிம்பிக் வீரர்களைக் கைபேசியில் பார்க்கிறார்கள். வளைந்து ஓடி வந்து, கம்புக்கு முதுகைக் காட்டி, தலை முன்னே போக மல்லாந்து தாண்டுகிறார்கள் அந்த வீரர்கள். மறுநாள் காலை பி.இ.டி. ஆசிரியர் விசில் எடுக்க அறைக்குப் போன நேரத்தில், யாராவது ஒரு பையன் மணல் குழியில் அதையே செய்து பார்க்கிறான். உயரம் தாண்டுதலில் கழுத்துக்கு வரும் ஆபத்து பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது.

மணலில் காலால்தான் இறங்கலாம். நன்றாகக் கிளறிவிட்ட மணல் பாதத்தை ஏந்தும், முழங்கால் மடங்கி மீதி வேகத்தை வாங்கிக்கொள்ளும். முதுகுக்கும் கழுத்துக்கும் அப்படி மடங்கிக்கொடுக்கும் வசதி கிடையாது. ஆகவே மணல் குழி மட்டும் உள்ள பள்ளியில் சிசர்ஸ் முறையோடு நிறுத்திக்கொள்வதே சரி. ஆசிரியரின் திறமை எவ்வளவு இருந்தாலும் இது மாறாது.

மல்லாந்து தாண்டும் முறை பிறந்த கதையே சிசர்ஸில்தான் தொடங்குகிறது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், மெட்ஃபோர்டு நகரத்துப் பள்ளி மாணவன் டிக் ஃபாஸ்பரிக்கு, அன்று எல்லோரும் கையாண்ட ஸ்ட்ராடில் முறை வரவில்லை. கம்பைப் பார்த்தபடி குப்புறப் புரண்டு தாண்டும் முறை அது. அவர் பழைய சிசர்ஸுக்கே திரும்பினார். 1963இல் ஒரு போட்டியில் கம்பு ஏற ஏற, இடுப்பைத் தூக்குவதற்காகத் தோளைப் பின்னால் சாய்த்தார். சாய்வு கூடக் கூட உட்கார்ந்து தாண்டியவர் படுத்துத் தாண்டுபவரானார். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 2.24 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றபோது ஃபாஸ்பரி ஃப்ளாப் என்ற பெயர் உலகம் முழுவதும் பரவியது. அதே காலகட்டத்தில் தாண்டும் இடங்களில் மணலும் மரத்தூளும் போய் ஃபோம் படுக்கைகள் வந்துகொண்டிருந்தன. அவை வராமல் இருந்திருந்தால் இந்த முறை இத்தனை பேருக்குப் பரவியிருக்காது.

சிசர்ஸிலிருந்து ஃப்ளாப்புக்கு இயல்பாகப் போக முடிவதற்குக் காரணம் கால். ஸ்ட்ராடிலில் கம்புக்குப் பக்கத்தில் உள்ள கால் தரையை உந்தும். சிசர்ஸில் கம்புக்கு அப்பால் உள்ள கால் உந்தும், பக்கத்துக் கால் முதலில் மேலே போகும். ஃப்ளாப்பிலும் உந்துவது அதே அப்பால் கால்தான், ஓடி வரும் பக்கமும் அதேதான். சிசர்ஸை நன்றாகச் செய்யும் பிள்ளை பாதி ஃப்ளாப்பை ஏற்கெனவே கற்றுவிட்டது. இதை அறியாமல் சிசர்ஸைச் சின்னப் பிள்ளை விளையாட்டு என்று தள்ளிவிட்டு, நேராக "முதுகைக் காட்டு" என்று தொடங்குகிறவர்கள் பின்னால் அதிகம் திருத்த வேண்டியிருக்கும்.

படுக்கை வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். உலகத் தடகள விதிப்படி பெரிய போட்டிகளுக்கு 6 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 70 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். மற்ற போட்டிகளுக்குக் குறைந்தது 5 மீட்டருக்கு 3 மீட்டர். ஜிம்னாஸ்டிக்ஸ் மேட்டுகளை அடுக்கியோ விடுதி மெத்தைகளைக் கட்டியோ இதை ஈடுகட்ட முடியாது. மேட்டு மெலிது. மெத்தைப் பஞ்சு விழுந்த இடத்தில் அமுங்கி அப்படியே கிடக்கும், எழும்பாது.

நல்ல படுக்கைக்கும் ஒவ்வொரு வகுப்புக்கு முன்னும் சோதனை உண்டு. ஆசிரியர் மேலே ஏறி முழங்காலால் பல இடங்களில் அழுத்திப் பார்க்க வேண்டும். எங்காவது தரை தட்டுப்பட்டால் அங்கே ஃபோம் செத்துவிட்டது என்று பொருள். பெரும்பாலும் அது எல்லோரும் விழும் நடுப்பகுதியாகவே இருக்கும். இரண்டு மூன்று துண்டுகளாக உள்ள படுக்கையில் துண்டுகளுக்கு இடையே பிளவு விழும். அதில் கால் இறங்கினால் கணுக்கால் பிசகும். துண்டுகளை வாரால் இறுகக் கட்டி, மேலே ஒரே உறையாகப் போர்த்த வேண்டும். ஸ்டாண்டுக்கும் படுக்கைக்கும் நடுவே 10 சென்டிமீட்டராவது இடைவெளி இருந்தால், படுக்கை நகர்ந்து கம்பைத் தட்டிவிடாது. பக்கவாட்டிலும் பின்னாலும் தரையில் அந்த மெலிந்த மேட்டுகளை விரிக்கலாம். அவற்றுக்கு ஏற்ற வேலை அதுதான். மழையில் நனைந்த ஃபோம் கனத்து இறுகும் என்பதால் அடியில் மரச்சட்டம் நல்லது. நம் ஊரில் கோடை விடுமுறை முடிந்ததும் எலி குடித்தனம் நடத்தியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுவது உத்தமம்.

இனி ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். ஒன்பதாம் வகுப்பு, இடதுகாலால் உந்துபவள், சிசர்ஸில் 1.05 மீட்டர் தாண்டுகிறாள். பள்ளிப் படுக்கையின் உயரம் 60 சென்டிமீட்டர். முதலில் கம்பை எடுத்துவிட்டு எலாஸ்டிக் கயிறு கட்ட வேண்டும். முதுகில் கம்பு குத்தும் என்ற பயம் இருக்கும்வரை எந்தப் பிள்ளையும் உடலைத் தளர்த்தி விழாது.

தாண்டுவதற்கு முன் விழக் கற்கிறாள். படுக்கைக்கு முதுகைக் காட்டி ஓரத்தில் நிற்கிறாள். கயிறு தரையிலிருந்து 75 சென்டிமீட்டர், அதாவது படுக்கைக்கு 15 சென்டிமீட்டர் மேலே மட்டும். இரண்டு காலாலும் நேர் மேலே குதித்து, இடுப்பை உயர்த்தி, பின்னால் விழ வேண்டும். இரண்டு தோள்பட்டைகளும் மேல்முதுகும் ஒரே நேரத்தில் படுக்கையைத் தொட வேண்டும். கைகள் பக்கவாட்டில் விரிந்திருக்கும். முகவாய் நெஞ்சோடு ஒட்டியிருக்கும். முழங்கால்கள் விலகியிருக்கும், சேர்ந்திருந்தால் விழும் வேகத்தில் அவளுடைய முழங்காலே அவள் மூக்கில் இடிக்கும்.

"மிஸ், எங்க விழப்போறேன்னு திரும்பிப் பாக்கலாமா?"

"திரும்பாதே. உன் முழங்காலைப் பாரு."

எல்லாப் பிள்ளைகளும் இதைக் கேட்பார்கள். எங்கே விழுகிறோம் என்று தலையைப் பின்னால் எறிந்து பார்ப்பதுதான் மிக ஆபத்தான பழக்கம். அப்போது தலை முதலில் இறங்கும், பின்னாலேயே உடலின் எடை கழுத்தில் ஏறும். முழங்காலைப் பார்க்கச் சொன்னால் முகவாய் தானாக நெஞ்சுக்கு வந்துவிடும். தோளில் விழுந்த வேகத்தில் பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போடுகிறவர்களையும் நிறுத்த வேண்டும், அதுவும் கழுத்து வழியாகத்தான் உருளுகிறது. நின்ற இடத்திலிருந்து ஒழுங்காக விழ வராத பிள்ளையை ஓடவிடக் கூடாது.

அடுத்தது வளைவு. இடதுகால்காரி கம்பைப் பார்த்து நிற்கும்போது வலப்பக்கத்திலிருந்து வருவாள். ஓடுதடத்தை வரைவதற்கு ஒரு கயிறும் சுண்ணாம்பும் போதும். இடப்பக்க ஸ்டாண்டுக்கு நேராக, கம்பிலிருந்து சுமார் ஐந்தரை மீட்டர் பின்னால் ஒரு ஆணி அடித்து, 6 மீட்டர் கயிற்றால் வில் போட்டால், அது வலப்பக்க ஸ்டாண்டுக்குச் சற்று உள்ளே, கம்பிலிருந்து ஒரு கை நீளத்தில் வந்து சேரும். உந்த வேண்டிய இடம் அதுதான். வரைந்ததும் ஆணியைப் பிடுங்கிவிட வேண்டும். அந்தக் கோட்டின் மேல் ஐந்து அடி. முதல் அடி இடதுகால், ஐந்தாவது அடியும் இடதுகால்.

கோட்டின் மேல் அவள் முதலில் செய்வது ஃப்ளாப் அல்ல, சிசர்ஸ்தான். சைக்கிளில் வளைவு திரும்புகிறவரைப் போல உடல் மொத்தமாக இடப்பக்கம், அதாவது கம்புக்கு எதிர்ப்பக்கம், சாய்ந்து ஓட வேண்டும். இடுப்பில் மடங்கிச் சாய்வது கணக்கில் வராது. கடைசி அடியில் இடதுகால் ஊன்றியதும் சாய்ந்த உடல் நிமிர்கிறது. அந்த நிமிர்வே உடலைக் கம்பின் பக்கம் சுழற்றிவிடுகிறது. இதற்காகத்தான் வளைந்து ஓடுவது. நேராக ஓடி வருகிறவருக்கு இந்தச் சுழற்சி கிடைக்காது. கம்பின் மேல் போய் உட்காருவார். வளைவில் ஓடிச் சிசர்ஸ் தாண்டிப் படுக்கையில் காலால் இறங்கும்போது, உயரம் கூடக் கூட அவளே பின்னால் சாய்ந்து இருக்கையிலும் முதுகிலும் விழத் தொடங்குவாள். ஃபாஸ்பரிக்கு நடந்தது இங்கேயும் நடக்கிறது.

இந்தக் கட்டத்தில்தான் வலது முழங்காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிசர்ஸில் வலதுகால் நீண்டு கம்புக்கு மேலே போகும். ஃப்ளாப்பில் அது மடங்கி, மேலே எழும்பி, கம்பிலிருந்து விலகி இடத்தோள் பக்கம் திரும்பும். முழங்கால் திரும்பினால் முதுகு தானாகக் கம்பைப் பார்க்கும். கயிற்றை 85 அல்லது 90 சென்டிமீட்டரில் வைத்து இதைத் தொடங்கலாம். அவளால் சிசர்ஸில் எளிதாகத் தாண்ட முடிந்த உயரம் அது, ஆகவே உயரத்தைப் பற்றிய கவலை குறுக்கே வராது.

தவறுகளில் இரண்டை ஆசிரியர் கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும். ஒன்று, தரையில் இருக்கும்போதே கம்பின் மேல் சாய்வது. பார்த்தால் படுத்துத் தாண்டுவதுபோல அழகாக இருக்கும், ஆனால் தோள் கம்பைத் தட்டும், உயரம் வராது. இதற்கு மருந்து மறுபடி சிசர்ஸ்தான்: சிசர்ஸ் ஒரு முறை, ஃப்ளாப் ஒரு முறை என்று மாற்றி மாற்றிச் செய்யவிட்டால் நிமிர்ந்து உந்துவது திரும்பி வரும். இன்னொன்று, ஊன்றும் பாதம். முதுகைத் திருப்பும் அவசரத்தில் பாதத்தையே கம்புக்கு இணையாகத் திருப்பி வைப்பவர்கள் உண்டு. உடல் ஒரு பக்கம் போக, பாதம் ஒரு பக்கம் பார்க்க, கணுக்காலும் முழங்காலும் முறுக்கிக்கொள்ளும். பாதம் ஓடி வந்த வழியே, படுக்கையின் எதிர் மூலையைப் பார்க்க வேண்டும். மண் தரையில் அதன் தடமே சாட்சி.

எங்கே விழுகிறாள் என்பதும் நிறையச் சொல்லும். படுக்கையின் நடுவில் வண்ண நாடாவால் ஒரு கட்டம் ஒட்டிவைக்கலாம். முன் விளிம்பில் விழுந்தால் வேகம் போதவில்லை, அல்லது கம்பை ஒட்டி உந்துகிறாள். இடது ஓரத்தில் விழுந்தால் கம்பின் நடுவுக்கு வந்து உந்துகிறாள், அல்லது கம்பின் நீளத்துக்கே ஓடுகிறாள். அடுத்த முறை படுக்கையைத் தாண்டித் தரையில் விழக்கூடும். தொடர்ந்து கட்டத்துக்கு வெளியே விழுகிறவளுக்குக் கயிற்றை உயர்த்தக் கூடாது. தொடக்கக் குறியைத்தான் மாற்ற வேண்டும்.

இதற்கிடையில் குறுவட்டப் போட்டி வந்துவிட்டால்? விதி கேட்பது ஒரு காலால் உந்த வேண்டும் என்பதை மட்டுமே. எந்த முறையில் தாண்டினாலும் செல்லும். ஃப்ளாப் இன்னும் நிலைக்காதவள் அங்கே சிசர்ஸில் தாண்டட்டும். போட்டி நடக்கும் மைதானத்துப் படுக்கையை ஆசிரியர் முழங்காலால் அழுத்திப் பார்த்தபோது தரை தட்டினால், ஃப்ளாப் நன்றாக வந்தவளும் அன்றைக்குச் சிசர்ஸ்தான்.