பெயர் சொல்லாமல் ஒரு மரணத்தை எழுதுவது எப்படி?

எனது சகோதரியின் மகள் தாதி உத்தியோகத்தர். வைத்தியசாலைகளில் நடக்கும் மரண மீளாய்வுக் கூட்டமொன்றின் சுருக்கத்தை எழுதிப் பழக அவளுக்குக் கற்பனைச் சம்பவம் ஒன்று கொடுக்கப்பட்டிருந்தது. "தமிழைக் கொஞ்சம் பாத்துத் தாங்க மாமா" என்று தாளை நீட்டினாள்.

பிரசவம் முடிந்த தாய்க்கு இரத்தப்போக்கு. இழப்பு 400 மில்லிலீற்றர் எனப் பதியப்பட்டது. அடுத்த 40 நிமிடங்களில் நாடித்துடிப்பு 90 இலிருந்து 130 ஆக ஏறியது. குருதி அமுக்கம் விழுந்த பின்னரே வைத்தியர் அழைக்கப்பட்டார். தாய் பிழைக்கவில்லை.

அவள் எழுதியிருந்த முடிவு: "கடமையிலிருந்த தாதி அபாயத்தைக் கவனிக்கத் தவறினார்."

"அபாயம் கவனிக்கப்படவில்லை" என்று திருத்தினேன். குற்றச்சாட்டு மறைந்துவிட்டதே என்று நினைத்தேன். அவள் தலையை அசைத்தாள். "ஆளை மறைச்சிட்டீங்க மாமா. ஆனா ஏன் நடந்ததெண்டு இதிலயும் இல்லையே."

அவள் விளக்கியபோதுதான் எனக்குப் புரிந்தது. இரத்த இழப்பைக் கண்ணால் மதிப்பிட்டால் பெரும்பாலும் குறைவாகவே தோன்றும். நனைந்த துணிகளை நிறுத்து, உலர்ந்த நிறையைக் கழித்தால், ஒரு கிராம் ஏறக்குறைய ஒரு மில்லிலீற்றர். ஆனால் அந்த விடுதியில் தராசு இல்லை. ஆரோக்கியமான இளம் தாயின் உடல் இழப்பை ஈடுசெய்துகொண்டே இருக்கும். நாடி முதலில் ஏறும், அமுக்கம் பிந்தித்தான் விழும். நாடி எந்த அளவைத் தாண்டினால் வைத்தியரை அழைப்பது என்ற எல்லைக்கோடும் அவதானிப்பு அட்டையில் இல்லை.

எனவே முடிவை இப்படி மாற்றி எழுதினோம்: "இழப்பு கண்மதிப்பில் கணிக்கப்பட்டது, விடுதியில் தராசு இருக்கவில்லை. நாடி ஏறியபோது உதவி கோருவதற்கான எல்லை அட்டையில் குறிக்கப்பட்டிருக்கவில்லை." அந்த இடத்தில் வேறொரு தாதி நின்றிருந்தாலும் இதே 40 நிமிடங்கள் கழிந்திருக்கலாம் என்பது இப்போது தெரிகிறது.

அடுத்தது நடவடிக்கைகள். "ஊழியர்கள் மேலும் கவனமாக இருக்க வேண்டும்" என்ற வரியை வெட்டினோம். அதை யாரும் சரிபார்க்க முடியாது. பதிலாக, பிரசவ அறைக்குத் தராசு, எல்லைக்கோடு அச்சிட்ட அட்டை என இரண்டே விடயங்கள். ஒவ்வொன்றுக்கும் பொறுப்பான பதவி, முடிக்கும் திகதி. மூன்று மாதங்களின் பின்னர் 20 அட்டைகளை எடுத்து, எத்தனையில் நிறுத்த அளவு பதியப்பட்டுள்ளது என்று எண்ணிப் பார்ப்பது.

பெயரை நீக்கினால் மட்டும் போதாது. கட்டில் இலக்கம், திகதி, "இரவுக் கடமைத் தாதி" என்ற சொல் ஆகியனவும் சிறிய ஊரில் ஆளைக் காட்டிக்கொடுக்கும். அப்படிக் காட்டிக்கொடுக்கப்பட்டவர் அடுத்த கூட்டத்தில் வாய் திறக்க மாட்டார். அந்த 40 நிமிடங்களின் கதையும் வெளிவராது.

இதற்கு எல்லையும் உண்டு. வேண்டுமென்றே செய்த தீங்கும் போதையில் செய்த கடமையும் இந்தக் கூட்டத்துக்குரியவையல்ல. அவற்றுக்குத் தனி விசாரணை வேண்டும். தாயை இழந்த குடும்பத்துக்கும் இந்தச் சுருக்கம் பதிலாகாது. நடந்ததை அவர்களிடம் நேரில், மறைக்காமல் சொல்ல வேண்டும்.